சீஸில் பூஞ்சை: எதை வெட்டி எடுக்கலாம், எதைக் குப்பையில் போட வேண்டும்?

மூணாறில் பால்பொருள் கடை வைத்திருப்பவனிடம் ஜூன் மாதம் பிறந்தால் வருகிற கேள்விகள் இவை. தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் சுவர் பூக்கிறது, செருப்பு பூக்கிறது, சீஸும் பூக்கிறது. எஸ்டேட் குடும்பங்கள், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், மறையூர், தேவிகுளம் பக்கத்துச் சிற்றுண்டிக் கடைக்காரர்கள் என்று பலர் கேட்டவற்றை அவரவர் சொற்களிலேயே வைத்திருக்கிறேன்.

அண்ணா, சீஸ் கட்டியின் ஒரு மூலையில் பச்சையாகப் புள்ளி வந்திருக்கிறது. அதை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் சாப்பிடலாமா?

செடார், பார்மசான், நன்கு முதிர்ந்த கௌடா போன்ற கெட்டியான சீஸ் முழுக்கட்டியாக இருந்தால் சாப்பிடலாம். புள்ளியைச் சுற்றிலும் அதற்கு அடியிலும் குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர், அதாவது ஓர் அங்குலம், நல்ல சீஸையும் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும்.

பனீர், கிரீம் சீஸ், ரிக்கோட்டா, ஈரமான மொசரெல்லா போன்ற மென்மையானவற்றில் ஒரு புள்ளி தெரிந்தாலும் முழுவதையும் எறிந்துவிடுங்கள். துருவியது, நொறுக்கியது, துண்டு துண்டாக அறுத்தது ஆகியவையும் அப்படித்தான். அவை கெட்டி சீஸிலிருந்து வந்தவை என்பதால் சலுகை கிடையாது.

புள்ளி மிளகு அளவுதான் இருக்கிறது. அதற்கு ஏன் ஓர் அங்குலம் வீணாக்க வேண்டும்?

கண்ணுக்குத் தெரிகிற பச்சைத் தூள் பூஞ்சையின் வித்துகள். பூஞ்சையின் உடல் அதற்குக் கீழே இருக்கிறது. மயிரிழையைவிட மெல்லிய, நிறமற்ற இழைகளாக அது சீஸுக்குள் இறங்கியிருக்கும். வயலில் கோரையை மேலாக அறுத்தால் கிழங்கு மண்ணுக்குள் இருந்து மறுபடி முளைக்கிறதல்லவா, அதே கதைதான் இங்கும். புள்ளி பச்சையாக மாறும் நேரத்தில் இழைகள் முன்பே வேலையைத் தொடங்கியிருக்கும்.

இழைகளை விழுங்குவது பெரிய ஆபத்தில்லை. சில பூஞ்சைகள் வளரும்போது நச்சுப்பொருள்களையும் வெளியிடுகின்றன என்பதுதான் கவலை. சீஸில் அதிகம் காணப்படும் பெனிசிலியம் கொம்யூன் என்ற இனம் சைக்ளோபியசோனிக் அமிலத்தை உண்டாக்கக்கூடியது. பெனிசிலியம் வெருகோசம் ஆக்ராடாக்சினையும், ஆஸ்பர்ஜில்லஸ் வெர்சிகலர் ஸ்டெரிக்மட்டோசிஸ்டினையும் உண்டாக்கக்கூடியவை. இந்தப் பெயர்களை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம். சமையலறையில் நின்றுகொண்டு எந்தப் புள்ளி எந்த இனம் என்று எவராலும் சொல்ல முடியாது. எல்லாப் புள்ளியிலும் நச்சு இருக்கும் என்பதில்லை. ஆனால் இல்லை என்று உறுதியாகச் சொல்லவும் வழியில்லை.

அந்த நச்சு கரைந்து பரவுவதற்கு ஈரம் வேண்டும், இழை இறங்குவதற்கு இடைவெளியும் காற்றும் வேண்டும். கெட்டி சீஸ் நெருக்கமானது, ஈரம் குறைந்தது, உள்ளே காற்று கிடையாது. எனவே பூஞ்சையும் அதன் நச்சும் பெரும்பாலும் மேலடுக்கிலேயே நின்றுவிடுகின்றன. ஓர் அங்குலம் என்பது அந்த மேலடுக்கைத் தாண்டி, சற்றுத் தாராளமாகவே வைத்த எல்லை. பனீரில் அப்படி ஓர் எல்லையைக் கிழிக்க முடியாது.

எங்கள் ஹோம்ஸ்டேயில் அரைக் கிலோ செடார் கட்டி இருக்கிறது. முனையில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாகப் பச்சை. எப்படி வெட்டுவது என்று படிப்படியாகச் சொல்லுங்கள்.

உங்கள் கட்டி சுமார் 10 சென்டிமீட்டர் நீளம், 8 சென்டிமீட்டர் அகலம், 6 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அரைக் கிலோ செடார் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும். பூஞ்சை இருப்பது, முன்பு நீங்கள் வெட்டி எடுத்துப் பயன்படுத்திய முனையின் முகத்தில்.

முதலில் எல்லாப் பக்கங்களையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஜன்னலோரம் போதும். ஒரே முகத்தில்தான் புள்ளி இருக்கிறதா, அடிப்பக்கத்தில் இன்னொன்று ஒளிந்திருக்கிறதா, கட்டியில் விரிசல் இருக்கிறதா என்று கவனியுங்கள். மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்க்க வேண்டாம். வித்துகள் மூச்சோடு உள்ளே போகும். ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது போதும், அன்றிரவு தூக்கம் போய்விடும்.

பிறகு பூஞ்சை உள்ள முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும்படி கட்டியைப் பலகையில் வையுங்கள். புள்ளியின் நடுவில் கத்தியை வைக்கக் கூடாது. அப்படி வைத்தால் கத்தி பூஞ்சையைத் தானே தூக்கிச் சென்று உள்ளே பூசிவிடும். அந்த முகத்திலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி, சுத்தமான மேற்பக்கத்தில் கத்தியை வைத்து நேராகக் கீழே இறக்குங்கள். முனை முழுவதும் ஒரு பலகைபோலக் கழன்று வரும். இழப்பு மொத்தத்தில் கால் பங்கு, அதாவது ஏறத்தாழ 125 கிராம். கையில் நிற்பது 375 கிராம்.

புள்ளியைச் சுற்றிக் குடைந்து எடுத்தால் இன்னும் கொஞ்சம் மிச்சமாகுமே என்று சிலர் கேட்பார்கள். 8 சென்டிமீட்டர் அகலமுள்ள முகத்தில் புள்ளிக்கு இருபுறமும் இரண்டரை விட்டுக் குடைந்தால் மிச்சமாவது ஓரத்துத் துணுக்குகள் மட்டுமே. அதற்காகக் கத்தியை நாலு திசையில் திருப்பி வித்துகளைப் பரப்புவானேன்? முழு முகத்தையும் எடுத்துவிடுவதே சுத்தமான வேலை.

வெட்டிய துண்டைக் காகிதத்தில் சுற்றி, மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள். கத்தி, பலகை, கைகளை சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவிய பிறகே நல்ல கட்டியைத் தொட வேண்டும். பழைய உறையில் அதைத் திரும்பச் சுற்றக் கூடாது, அந்த உறைக்குள் வித்துகள் காத்திருக்கும். புதிய பட்டர் பேப்பரில் சுற்றி, கழுவி உலர்த்திய டப்பாவில் வையுங்கள். சில நாள்களுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. புதிதாக வெட்டிய இடத்திலேயே மறுபடி பச்சை கிளம்பினால் இழை நாம் நினைத்ததைவிட ஆழமாகப் போயிருக்கிறது என்று பொருள். இரண்டாம் முறை கத்தி எடுக்காதீர்கள், கட்டியை எறிந்துவிடுங்கள்.

என்னிடம் இருப்பது 200 கிராம் சின்னக் கட்டி. இரண்டு பக்கமும் புள்ளி இருக்கிறது. அதே முறைதானா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 கிராம் கட்டி ஒவ்வொரு பக்கமும் 6 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். எதிரெதிர் முகங்களில் இரண்டரை, இரண்டரை என்று எடுத்தால் 5 சென்டிமீட்டர் போய்விடும். நடுவில் விரல் தடிமனுக்கும் குறைவாக ஒரு வில்லை மிஞ்சும். அதைக் காப்பாற்றுவதில் அர்த்தமில்லை, எறியுங்கள்.

சீஸ் துண்டுகளுக்கும் துருவலுக்கும் வெட்டும் முறை ஏன் பொருந்தாது என்பதும் இதே கணக்கில் அடங்கிவிடும். மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டில் ஓர் அங்குலத்துக்கு எங்கே போவது? துருவலில் ஒவ்வொரு இழையைச் சுற்றியும் காற்று இருக்கிறது. பை குலுங்கும்போதெல்லாம் வித்துகள் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். ஒரு பிடியில் பச்சை தெரிந்தால் பை முழுவதும் கெட்டதாகவே கொள்ள வேண்டும். உணவகக்காரர்கள் ஒரு கிலோ துருவிய மொசரெல்லாவை மனமில்லாமல் பிரித்துப் பொறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பொறுக்கலால் பயனில்லை.

எது கெட்டி, எது மென்மை? கடையில் எல்லாம் கட்டியாகத்தானே இருக்கிறது?

ஈரம்தான் அளவுகோல். பார்மசானில் ஈரம் சுமார் 30 சதவீதம். செடாரில் 39 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. பனீருக்கும் மொசரெல்லாவுக்கும் அதே விதிகள் 60 சதவீதம் வரை அனுமதிக்கின்றன. 40 சதவீதத்துக்குக் கீழே இருப்பவை வெட்டிப் பிழைக்கக்கூடியவை, 50 சதவீதத்தை நெருங்குபவை எறிய வேண்டியவை என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கையால் பார்ப்பதும் எளிது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் கட்டைவிரலால் அழுத்துங்கள். குழியே விழாவிட்டால், அல்லது விழுந்த மாதிரித் தெரிந்து உடனே நிமிர்ந்தால், அது கெட்டி. விரல் பதிந்து நின்றால், ஈரம் கசிந்தால், கரண்டியால் எடுக்க முடிந்தால் அது மென்மை. சுவிஸ் வகைச் சீஸ் கெட்டிதான், ஆனால் அதில் பெரிய துளைகள் இருக்கும். துளைக்குள் பூஞ்சை தெரிந்தால் அது உள்ளே காற்றோட்டமான வீடு பிடித்துவிட்டது. நான் அந்தக் கட்டியை வெட்டிக் காப்பாற்ற மாட்டேன்.

கடையில் டப்பாவில் வரும் சீஸ் கட்டி, குழந்தைகளுக்கு வாங்கும் கியூப், பிரெட்டில் வைக்கும் ஸ்லைஸ், இவையெல்லாம் எந்தக் கணக்கு?

இவற்றில் பெரும்பாலானவை பதப்படுத்திய சீஸ். செடார் போன்றவற்றை அரைத்து, உப்புகள் சேர்த்து, சூடாக்கி உருக்கி வார்ப்பது. உறையில் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் அப்படியே அச்சிட்டிருக்கும். சூடாக்கும்போதே அதிலிருந்த பூஞ்சைகள் செத்துப்போகின்றன. எனவே வீட்டில் அதன்மேல் பூஞ்சை வந்தால், அது நம் வீட்டுக் காற்றிலிருந்தோ கத்தியிலிருந்தோ கையிலிருந்தோ வந்தது.

ஸ்லைஸ், கியூப் இரண்டும் எறிய வேண்டியவை. ஓர் அங்குலக் கணக்குக்கு அவற்றில் இடமே இல்லை. டப்பாவில் வரும் ஸ்பிரெட்டும் எறிய வேண்டியதுதான். ஒரு கிலோ கட்டிதான் நடுவில் நிற்கிறது. அதன் ஈரம் செடாரைவிடக் கூடுதல், ஆனால் உருக்கி வார்த்ததால் துளையும் விரிசலும் இல்லாத நெருக்கம். ஒரே ஒரு சிறு புள்ளி, ஒரே முகத்தில், கட்டி பெரியது என்றால் அந்த முகத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாகவே எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. புள்ளிகள் பல என்றாலோ, மேற்பரப்பு பிசுபிசுத்தாலோ தயங்க வேண்டாம், எறிந்துவிடுங்கள். குழந்தைகளுக்காக வாங்கியது என்றால் ஒரு புள்ளிக்கே எறிந்துவிடலாம்.

மேலே இருப்பதைக் கத்தியால் சுரண்டிவிட்டு வினிகரில் துடைத்தால் போதாதா? வெளிநாட்டில் சீஸ் செய்கிறவர்களே அப்படித் துடைப்பதைப் பார்த்தேன்.

அவர்கள் துடைப்பது முதிர்வதற்காக அறையில் வைத்திருக்கும் முழுச் சக்கரங்களை. அவற்றுக்குத் தோல் உண்டு. வெட்டுப்படாத அந்தத் தோலின் மேல் என்ன வளர வேண்டும், எது வளரக் கூடாது என்று நாள்தோறும் பார்த்து, உப்புநீரில் துணியை நனைத்துத் துடைக்கிறார்கள். நம் கையில் இருப்பது தோலில்லாத, வெட்டிய முகம். அதில் சுரண்டினால் நிறம் போகும், இழை உள்ளேயே இருக்கும், தூளாகப் பறந்த வித்துகள் பக்கத்து முகங்களில் போய் உட்காரும். வினிகர் மேற்பரப்பைத்தான் தொடும். புள்ளி மறைந்ததால் சீஸ் சரியாகிவிட்டதாகத் தோன்றும், அந்த நினைப்புதான் கெடுதல்.

பனீரில் ஓரமாகக் கொஞ்சம் மஞ்சள் வழுவழுப்பு. வெந்நீரில் அலசி, எண்ணெயில் பொரித்துக் குழம்பில் போட்டால் எல்லாம் செத்துவிடாதா?

கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும். அவை ஏற்கெனவே விட்டுச்சென்றவை சாகாது. பூஞ்சை நச்சுகளில் பல, நம் சமையல் சூட்டுக்கு அசைவதில்லை. பீட்சா ஓவனும் அவற்றை அழிக்கும் என்று நம்பக் கூடாது.

பனீரின் வழுவழுப்பு பல நேரங்களில் பூஞ்சையே அல்ல. குளிரிலும் வளரும் பாக்டீரியாக்களும் ஈஸ்டும் செய்கிற வேலை அது. பால் திரிந்து சில மணி நேரத்தில் தயாராகும் பனீரில் அமிலம் குறைவு, உப்பு கிட்டத்தட்ட இல்லை, தண்ணீரோ பாதிக்கு மேல். எதுவும் வளரலாம் என்று கதவைத் திறந்து வைத்த பண்டம் அது. மஞ்சள், இளஞ்சிவப்பு, வழுவழுப்பு, புளிப்பு வாடை இவற்றில் ஒன்று இருந்தாலும் அலசிக்கொண்டிருக்காமல் எறியுங்கள்.

வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் நீலப் புள்ளிகள் உள்ள சீஸை விட்டுச் சென்றார், அதை வேண்டுமென்றே சாப்பிடுகிறார்களாம். அப்படியானால் நம் சீஸில் வரும் பூஞ்சை மட்டும் ஏன் கெட்டது?

நீல சீஸில் இருப்பது பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி என்ற ஒரே இனம், தேர்ந்தெடுத்துச் சேர்த்தது. சீஸில் ஊசியால் துளையிட்டு உள்ளே காற்றை அனுப்பி வளர்க்கிறார்கள். பிரீ, கமெம்பேர் சீஸ்களின் வெள்ளைப் பட்டுத் தோல் பெனிசிலியம் கமெம்பெர்ட்டி. இவை இரண்டும் அந்தச் சீஸின் உறுப்பு, அவற்றைச் சாப்பிடலாம். தானாக வந்து உட்கார்ந்த பூஞ்சை எந்த இனம் என்று நமக்குத் தெரியாது, வித்தியாசம் அங்கேதான்.

உள்ளே இருக்க வேண்டிய நிறமும் வந்தேறிய நிறமும் வேறு வேறாகத் தெரியும். நீல சீஸில் நரம்புகள் உள்ளே ஓடும், நீலமும் பச்சையும் கலந்திருக்கும். அதன் மேற்பரப்பில் தனியாகக் கறுப்பு, சாம்பல், இளஞ்சிவப்பு, அல்லது நீண்ட மயிர்போன்ற வளர்ச்சி தெரிந்தால் அது வந்தேறி. ஸ்டில்டன், கோர்கொன்சோலா போன்ற ஓரளவு கெட்டியான நீல சீஸ் என்றால் ஓர் அங்குலம் வெட்டி எடுக்கலாம். பிரீ, கமெம்பேர் மென்மையானவை. வெள்ளைத் தோலில் பச்சையோ கறுப்போ படர்ந்தால் முழுவதையும் எறிய வேண்டும்.

இன்னொன்று, நீல சீஸையும் செடாரையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். நீலத்தின் பூஞ்சை அடுத்த கட்டிக்குக் குடியேறும். அது நச்சு என்பதால் அல்ல, செடாருக்குச் செடாரின் ருசி வேண்டும் என்பதால்.

நிறத்தை வைத்து ஆபத்தைச் சொல்ல முடியுமா? பச்சை பரவாயில்லை, கறுப்புதான் விஷம் என்கிறார்களே?

அப்படிப் பிரிக்க முடியாது. பச்சையாக இருக்கும் பெனிசிலியம் இனங்களிலேயே நச்சு உண்டாக்குபவையும் இல்லாதவையும் இருக்கின்றன. ஆனால் நிறம் வேறு ஒன்றைச் சொல்லும். கறுப்போ, பூனை மயிர்போல நீண்டு நிற்கும் சாம்பலோ தெரிந்தால் சீஸ் அதிக ஈரத்தில் இருந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிற வழுவழுப்பு பெரும்பாலும் பாக்டீரியா அல்லது ஈஸ்ட். அதற்கு ஓர் அங்குலக் கணக்கு பொருந்தாது. உப்புநீரில் கழுவி முதிரவைக்கும் சில சீஸ்களுக்கு மட்டும் ஆரஞ்சுத் தோல் இயல்பு, வாங்கும்போதே அப்படித்தான் இருக்கும். வெண்மையாக வாங்கியது ஆரஞ்சாக மாறினால் எறிய வேண்டும்.

பழைய செடாரில் வெள்ளையாகத் தூள் படிந்திருக்கிறது. அதையும் வெட்ட வேண்டுமா?

வெட்டுவதற்கு முன் விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று உப்புக் கல்போல இருந்தால் அது பூஞ்சை அல்ல. முதிர்ந்த செடாரின் மேற்பரப்பில் கால்சியம் லாக்டேட் படிகங்கள் வெண்புகைபோலப் படியும். பார்மசானுக்குள் டைரோசின் என்ற அமினோ அமிலம் சிறு வெண்மணிகளாக நிற்கும். இரண்டும் சீஸிலிருந்தே வந்தவை, சாப்பிடலாம், முதிர்ச்சியின் அடையாளம் என்று விரும்பித் தேடுகிறவர்களும் உண்டு.

பூஞ்சை என்றால் மிருதுவாக, பஞ்சாக இருக்கும், தேய்த்தால் பூசிக்கொள்ளும். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் மயிர் எழுந்து நிற்பது தெரியும். சந்தேகம் தீரவில்லையா? சுத்தமான உறையில் சுற்றி இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். படிகம் அப்படியே இருக்கும். பூஞ்சை பரந்து, நடுவில் நிறம் பிடிக்கத் தொடங்கும்.

சீஸில் மண்ணெண்ணெய் வாடை வருகிறது. புள்ளி பெரிதாக ஒன்றுமில்லை. கடைக்காரர் மண்ணெண்ணெய் பக்கத்தில் வைத்திருந்தாரா?

பாவம், கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டாம். பூஞ்சை வராமல் தடுக்கச் சில சீஸ்களில் சார்பிக் அமிலமோ பொட்டாசியம் சார்பேட்டோ சேர்ப்பார்கள். உறையில் 200, 202 என்ற எண்களாகவும் அது இருக்கும். சில பெனிசிலியம் பூஞ்சைகள் அதற்குப் பழகிப்போய், அந்தத் தடுப்புமருந்தையே உடைத்து 1,3-பென்டடையீன் என்ற பொருளாக மாற்றிவிடும். அதன் வாடைதான் மண்ணெண்ணெய். கண்ணுக்குப் புள்ளி தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடுகிற அரிய இடம் இது. வாடை வந்த சீஸை வெட்டிச் சரிசெய்ய முடியாது.

உறையில் மாதக்கணக்கில் தேதி போட்டிருக்கிறது. திறந்த ஒரு வாரத்திலேயே பூத்துவிட்டது. ஏமாற்றுகிறார்களா?

உறையில் உள்ள தேதி திறக்காத உறைக்கானது. பூஞ்சைக்குக் காற்று வேண்டும். காற்றை உறிஞ்சி மூடிய உறைக்குள் அது வளர முடியாமல் கிடக்கிறது. சில கட்டிகளின் மேற்பரப்பில் நாட்டமைசின் என்ற பூஞ்சைத்தடுப்பும் பூசியிருப்பார்கள், உறையில் 235 என்று எண் இருக்கும். அது மேல்தோலோடு நின்றுவிடுவது. நீங்கள் கத்தியால் அறுத்துத் திறக்கிற புதிய முகத்தில் அந்தக் காவல் இல்லை. பூஞ்சை பெரும்பாலும் வெட்டிய முகத்தில் முதலில் தொடங்குவதன் காரணம் இதுதான்.

நம் ஊரில் அதோடு மழையும் சேர்ந்துகொள்கிறது. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னார், மறையூர் வழியாக ஏறிவருகிற சரக்கு, கீழே வெயிலில் வியர்த்து, மேலே குளிரில் நனைந்து வருகிறது. வீட்டிலும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, மேசையில் வைத்து, மேலே துளிர்த்த ஈரத்தோடு திரும்ப உள்ளே வைத்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? தேவையான அளவை வெட்டிக்கொண்டு கட்டியை உடனே உள்ளே வையுங்கள். ஈரம் தெரிந்தால் சுத்தமான காகிதத்தால் ஒற்றியெடுத்து, பட்டர் பேப்பரில் சுற்றி, அதன்மேல் டப்பா. வெறும் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். கத்தி உலர்ந்திருக்க வேண்டும், கையால் தொடுவதைத் தவிர்க்க வேண்டும்.

திறக்காத உறைக்குள்ளேயே பச்சைக் கோடு தெரிகிறதே?

உறையின் மடிப்பில் பாருங்கள். எங்கோ ஊசி முனை அளவு ஓட்டை விழுந்திருக்கும், அல்லது மூட்டு சரியாக ஒட்டியிருக்காது. மடிப்பின் வழியாகக் காற்று போன தடத்திலேயே பூஞ்சை நூல்போல ஓடும். திறக்காமல், ரசீதோடு கடையில் திருப்பிக் கொடுங்கள். வெட்டிப் பார்க்க வேண்டிய பொறுப்பு உங்களுடையதல்ல.

மழைக்காலத்தில் கரண்ட் போனால் மணிக்கணக்கில் வருவதில்லை. சீஸ் என்ன ஆகும்?

கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைக் காக்கும். அதற்கு மேல் போய் உள்ளே 4 டிகிரி செல்சியஸைத் தாண்டி 2 மணி நேரம் இருந்திருந்தால் பனீர், கிரீம் சீஸ், துருவிய சீஸ் ஆகியவற்றை எறிய வேண்டும், பூஞ்சை கண்ணில் படாவிட்டாலும். செடார், பார்மசான் கட்டிகள் அதைத் தாங்கும். மேலே வியர்த்திருந்தால் ஒற்றிவிட்டு, அடுத்த சில நாள்கள் கவனித்துப் பாருங்கள்.

ஜனவரியில் இங்கே உறையும் குளிர். அப்போதாவது வெளியில் வைக்கலாமா?

உறைவது விடியற்காலையில். பதினோரு மணி வெயிலுக்குச் சமையலறை சூடாகிவிடும். ஏறி இறங்கும் சூட்டில் சீஸ் தினமும் வியர்க்கும். ஃபிரிட்ஜ்தான்.

பார்க்காமல் சாப்பிட்டுவிட்டோம். என் மகள் கர்ப்பமாக வேறு இருக்கிறாள். என்ன செய்வது?

ஒரு வாய் பூஞ்சைச் சீஸ் சாப்பிட்ட ஆரோக்கியமானவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வாயில் கசப்பும் மனத்தில் அருவருப்பும்தான் மிஞ்சும். வாந்தி, வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், உடம்பில் தடிப்பு வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

மகள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது பூஞ்சையைவிட லிஸ்டீரியா என்ற பாக்டீரியா. அது ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும், கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாது, கர்ப்பத்தைப் பாதிக்கும். பூஞ்சை சீஸின் அமிலத்தைத் தின்றுவிடுவதால் இத்தகைய பாக்டீரியாக்களுக்கு இடம் வசதியாகிறது. சாப்பிட்டது மென்மையான சீஸ் என்றால் இப்போதே மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். சில வாரங்கள் கழித்துக்கூடக் காய்ச்சல், உடல்வலி வரக்கூடும், அப்போது இதையும் மறக்காமல் சொல்லுங்கள். கர்ப்பிணிகள், முதியவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வெட்டிச் சரிசெய்த கெட்டி சீஸையும் நான் கொடுக்க மாட்டேன். புதிய கட்டியைத் திறந்து கொடுங்கள்.

எறிவதற்கு மனம் வரவில்லை. எஸ்டேட் நாய்களுக்குப் போடலாமா?

போடாதீர்கள். சீஸிலும் அக்ரூட்டிலும் வளரும் சில பெனிசிலியம் பூஞ்சைகளின் நச்சு நாயின் நரம்பைத் தாக்கும். தின்ற சில மணி நேரத்தில் உடம்பு நடுங்கத் தொடங்கும், தள்ளாடும், வலிப்புவரை போகும். நாயே குப்பையைக் கிளறித் தின்று நடுங்கினால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், எவ்வளவு தின்றது, எப்போது தின்றது என்பதையும் சொல்லுங்கள். எறிகிற சீஸைக் காகிதத்தில் சுற்றி, அதன்மேல் ஒரு பையில் கட்டி, மூடி இறுகிய தொட்டியில் போடுங்கள். லைன் வீட்டு வாசலில் திறந்து கிடக்கும் கூடையில் அல்ல.